நிழலுக்குள் போன கோடு

படத்தைப் பார்த்து டைப் அடிக்க உட்கார்ந்த பிறகுதான் ஜோதிகாவுக்கு விஷயம் தெரிந்தது. நாளைக் காலையில் சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியில் இறங்கப் போவது அவள் தம்பி லோகேஸ்வரன்.

"யாரு சார் இறங்கறது?" என்று சும்மா கேட்டு வைத்தாள்.

"உங்க லோகுதான்மா. வேற எவன் வரான் சொல்லு? அடியில மூணு அடிக்குச் சேறு. பம்ப்பு அடைச்சிக்கினு நிக்குது" என்றார் உமாபதி, ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே. அவர் பட்டறையின் சூப்பர்வைசர். பட்டு நூல் கழிகளுக்குச் சாயம் ஏற்றும் இடம் அது. சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் போகிற தண்ணீரெல்லாம் கடைசியில் பின்னாலிருக்கும் தரையடித் தொட்டியில் ஒரே கறுப்பாகப் போய்ச் சேரும். ஜோதிகா ஆபீஸில் பில் போடுகிறவள். தம்பி லோடு தூக்குவான், டிச்சு வெட்டுவான், கூலி கொடுத்தால் எதிலும் இறங்குவான். அவர்கள் வீட்டில் அப்பனும் அப்படித்தான் இருந்தான்.

உமாபதி கொடுத்த வேலை இது. தொட்டியில் ஆள் இறக்கும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கட்டம் கட்டமாக, அம்புக்குறி போட்டு, முன்பு சூப்பர்வைசராக இருந்த காசிநாதன் பட்டறைச் சுவரில் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தார். போன வருஷம் சுண்ணாம்பு அடித்தபோது அது போய்விட்டது. காசிநாதனும் மாகறலில் மகள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்விட்டார். மிச்சமிருப்பது, தொட்டி வாயில் காவல் நிற்கும் கதிர்வேலுவின் போனில் ஒரு போட்டோ. அதைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதித் தர வேண்டும்.

"படத்தையே பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டா?"

"கதிர்வேலுக்கு நம்பர் தெரியும், எழுத்து தெரியாதுல்ல. நீ டைப் பண்ணி ஒவ்வொண்ணா மெசேஜா அவன் போனுக்கு அனுப்பு. அழுத்தினா போனே படிச்சிக் காட்டும். படத்தை அது படிக்காதாம், என் பையன் சொன்னான். நாலு மணிக்குள்ள குடும்மா, முதலாளி ஃபைல்ல வைக்கணும்ன்றாரு."

வேலை கஷ்டமில்லை என்றுதான் ஆரம்பித்தாள். மேலே முட்டை வடிவத்தில் 'தொடக்கம்'. அதிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கியது. முதலில் ஒரு தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பென்சிலால் எண் போட்டுக்கொண்டாள். சதுரக் கட்டம் என்றால் செய்ய வேண்டிய வேலை. சாய்ந்த வைரக் கட்டம் என்றால் கேள்வி. அதிலிருந்து ஆம் என்று ஒரு கோடு, இல்லை என்று ஒரு கோடு, இரண்டும் புறப்பட வேண்டும்.

1. பம்ப்பை நிறுத்து. தண்ணீர் வரும் வால்வை மூடிப் பூட்டு.
2. இரண்டு மூடியையும் திற.
3. புளோயரை அரை மணி நேரம் ஓட விடு. நிறுத்தாதே.
4. காஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் இறக்கிப் பார்.
5. மூன்று இடத்திலும் மீட்டர் சரி என்று காட்டுகிறதா? ஆம் என்றால் 6-க்குப் போ. இல்லை என்றால் 3-க்குத் திரும்பு.

ஐந்தாவதில் 'இல்லை' கோடு வளைந்து மேலே ஏறி, காற்று ஊதும் புளோயர் கட்டத்தில் முட்டியது. படத்தில் ஒரு அம்பு. எழுத்தில் 'திரும்பு' என்று சொன்னால்தான் புரியும். எந்த எண்ணுக்கு என்றும் சொல்ல வேண்டும். அதை எழுதிவிட்டு அவளுக்கே ஒரு திருப்தி.

6. இடுப்புப் பெல்ட்டும் கயிறும் மாட்டி, கப்பி வழியாக ஆளை இறக்கு.
7. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் குரல் கொடு.
8. பதில் குரல் வருகிறதா?

இங்கே கை நின்றுவிட்டது. எட்டாவது கட்டத்தின் 'இல்லை' கோடு வலதுபக்கம் நேராகப் போய், 'ஆளைத் தூக்கு' என்ற கட்டத்தில் சேர்ந்தது. 'ஆம்' கோடு இடதுபக்கம் இறங்கி ஒரு நிழலுக்குள் போய்விட்டது.

படத்தின் நடுவே பட்டையாக ஒரு நிழல். ஒரு ஆளின் தோளும் தலையும் சுவரில் விழுந்தாற்போல. அதற்குக் கீழே கோடு மறுபடி தெரிந்தது. ஆனால் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று 'வேலை முடிந்ததா?' என்ற கேள்விக்கு, இன்னொன்று வலதுபக்கம் சுற்றி அதே 'ஆளைத் தூக்கு' கட்டத்துக்கு.

ஜோதிகா விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நிழலுக்குள் ஒரு கோடு போகிறது, வெளியே இரண்டு வருகிறது. ஒரு கோடு சும்மா இரண்டாகப் பிரியாது. உள்ளே ஒரு கேள்வி இருக்கிறது.

"சார், இங்க ஒரு கட்டம் காணோம்."

உமாபதி வந்து எட்டிப் பார்த்தார். "என்னா காணோம்? குரல் வந்தா வேலை முடிஞ்சுதான்னு பாரு. அதானே நியாயம். ஒன்பதாவதா அதைப் போட்டுட்டு முடிச்சிடு."

"அப்ப இந்த ரெண்டாவது கோடு?"

"பெயிண்டு வழிஞ்சிருக்கும்மா. அந்தாளு என்ன ஆர்ட்டிஸ்டா?"

வழிந்த பெயிண்டுக்கு நுனியில் அம்புக்குறி இருக்காது என்று சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். அவர் டீ குடிக்கப் போனதும் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வெளிச்சத்தைக் கூட்டினாள். வெளிச்சம் அதிகமாகி வெளுத்துப்போன இடமாக இருந்தால் ஒன்றும் மீளாது. இது இருட்டு, இருட்டுக்குள் ஏதாவது மிச்சமிருக்கும். கூட்டக் கூட்டச் சுவர் சாம்பலானது. நிழலுக்குள்ளிருந்து ஒரு வைரக் கட்டம் மெல்ல மேலே வந்தது. தண்ணீருக்கடியில் கிடக்கும் பாத்திரம் மாதிரி. எழுத்து பாதிதான். 'கயிற்... இரண்டு... வருகி...' அதன் இரண்டு கோடுகளில் எது ஆம், எது இல்லை என்பது தெரியவில்லை.

ஊகித்து எழுதிவிடலாம். ஊகம் தப்பானால், ஆம் போக வேண்டிய இடத்துக்கு இல்லை போய்விடும். அந்தத் தப்பின் அடியில் லோகு நிற்பான்.

எழுந்து பின்கட்டுக்குப் போனாள். கதிர்வேலு தொட்டி மூடியின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அதும்மேல உக்காந்து நெருப்பு வைக்கிறீங்களே, வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

"மூடித்தானே கீது." சொன்னாலும் பீடியைத் தேய்த்து அணைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "இன்னா ஜோதி, பேப்பரு தூக்கிக்கினு வந்துட்ட?"

போனில் படத்தைக் காட்டினாள். "இந்த போட்டோ நீங்க எடுக்கும்போது பக்கத்துல யாரு நின்னாங்க?"

"யாருமில்ல. நான் மட்டும்தான். உள்ள இருட்டுன்னு ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன்."

அவள் படத்தை இன்னொரு தரம் பார்த்தாள். ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் எடுக்கிறவன் நிழல் முன்னால் விழாது. வெளிச்சத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒருவன் நின்றால்தான் விழும். நின்றிருந்தால் அவனும் படத்தில் இருந்திருக்க வேண்டும். அதை அவரிடம் சொல்லவில்லை.

"இந்த நிழலுக்குள்ள கயிறுன்னு ஒரு கேள்வி இருக்குது மாமா. இன்னாது அது?"

கதிர்வேலு அணைத்த பீடியைத் தூர எறிந்தார். பக்கத்துத் தெருவில் தறி அடிக்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது.

"வெங்கடேசன் செத்தது உனக்குத் தெரியுமா? நீ சேர்றதுக்கு முன்னாடி. இதே தொட்டிதான். மேல காசிநாதன் நின்னாரு, நானும் நின்னேன். இங்க தொட்டி வாயில யாரும் ஆளு பேரு சொல்லிக் கூப்பிட மாட்டோம். எங்கப்பன் காலத்துலர்ந்து பழக்கம். பேரு சொன்னா உள்ள கீறது அதைக் கத்துக்கும்பாங்க. அதனால 'ஓய்'னு குடுப்போம், கீழ இருக்கறவன் 'ஓய்'ம்பான்."

"சரி."

"அன்னிக்கும் அப்படித்தான். ஓய்னாரு. ஓய்னு வந்துது. மறுபடி ஓய். மறுபடி வந்துது. அரை மணி நேரம்மா. ஒவ்வொரு தரமும் வந்துது. கயிறு வெறைச்சிக்கினே கீதேன்னு இழுத்துப் பாத்தா..." கையை உதறினார். "டாக்டரு சொன்னாரு, எறங்கின பத்தாவது நிமிஷமே போயிருப்பான்னு."

ஜோதிகா தொட்டியைப் பார்த்தாள். சிமெண்டு மூடி, இரும்பு வளையம், ஓரத்தில் காய்ந்த நீலச் சாயம். ஒன்றுமில்லாத சாதாரண மூடி.

"அப்ப பதில் சொன்னது?"

"தொட்டி. காலி எடம் பேசும்னு காசிநாதன் சொன்னாரு. அந்தாண்ட குழாய் வழியா பக்கத்துத் தொட்டிக்குப் போயி முட்டித் திரும்புதாம். இருக்கும்." இருக்கும் என்பதை அவர் நம்பாதவர் மாதிரிச் சொன்னார். "அப்புறம்தான் அவரு செவுத்துல அந்தக் கட்டத்தைச் சொருகினாரு. குரல் வந்தாலும் நம்பாத. கயித்த ரெண்டு தரம் இழு. கீழ இருக்கறவன் ரெண்டு தரம் திருப்பி இழுக்கணும்."

"இழுத்தா?"

"இழுத்தா உசுரோட கீறான். வேலை முடிஞ்சுதான்னு பாரு. இழுக்கலன்னா தூக்கு."

அவ்வளவுதான். ஆம் எது, இல்லை எது என்று இப்போது தெரிந்தது. திரும்பி வந்து எழுதினாள்.

8. பதில் குரல் வருகிறதா? ஆம் என்றால் 9-க்குப் போ. இல்லை என்றால் 12-க்குப் போ.
9. கயிற்றை இரண்டு தரம் இழு. கீழிருந்து இரண்டு இழுப்பு திரும்பி வருகிறதா? ஆம் என்றால் 10-க்குப் போ. இல்லை என்றால் 12-க்குப் போ.
10. வேலை முடிந்ததா? ஆம் என்றால் 11-க்குப் போ. இல்லை என்றால் 7-க்குத் திரும்பு.
11. ஆளை ஏற்று. மூடியைப் பூட்டு. முடிவு.
12. கப்பியைச் சுற்றி ஆளைத் தூக்கு. வேறு யாரும் உள்ளே இறங்கக் கூடாது.
13. 108-க்கும் தீயணைப்புக்கும் போன் செய். முடிவு.

பன்னிரண்டில் இரண்டு அம்பு வந்து விழுகிறது. கட்டத்தை ஒரே தரம் எழுதி, இரண்டு இடத்திலிருந்தும் எண்ணைச் சொன்னால் போதும். பிறகு பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகவும் நடந்து பார்த்தாள். எல்லாக் கேள்விக்கும் இரண்டு வாசல் இருந்தது. எங்கேயும் ஆள் நடுவழியில் நிற்கவில்லை.

உமாபதிக்கு ஒன்பது பிடிக்கவில்லை. "ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கத்தணும், இழுக்கணும்னா அவன் எப்ப சேறு அள்ளுவான்?"

"படத்துல இருக்கறதைத்தான் சார் எழுதினேன். வேணாம்னா உங்க கையால அடிச்சிட்டு கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவை எடுத்தார், மூடினார், பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கே வெயில் சுள்ளென்றிருந்தது. ஜோதிகா ஆபீஸைப் பூட்டிவிட்டுத் தொட்டிப் பக்கம் வந்து நின்றாள். லோகு பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "நீ எதுக்குக்கா இங்க? என்னாண்ட வட்டி வாங்கவா வந்த?" என்றான்.

"ரெண்டு இழுத்தா ரெண்டு இழுக்கணும். மறந்த, மேல வந்ததும் செருப்பால அடிப்பேன்."

"அடிக்கறதுக்காவது மேல ஏத்துவல்ல?" சிரித்துக்கொண்டே பெல்ட்டை இறுக்கினான்.

கதிர்வேலு போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். போன் ஒரு பெண் குரலில், உணர்ச்சியே இல்லாமல், படித்தது. வால்வு பூட்டியாகிவிட்டது. புளோயர் அரை மணி ஓடி, இன்னும் தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது. மீட்டர் மூன்று இடத்திலும் சரி என்றது. ஆள் கீழே போய்விட்டான். கறுப்பு வட்டத்துக்குள் அவன் தலை கொஞ்ச நேரம் தெரிந்து, பிறகு தெரியவில்லை.

"ஓய்!"

"ஓய்!"

கயிறு. இரண்டு. கீழிருந்து இரண்டு. கப்பியிடம் நின்ற கூலியாள் தினேஷ் தலையாட்டினான். வாளி வாளியாகச் சேறு மேலே வந்தது. அழுகிய முட்டை நாற்றம். அடுத்த சுற்றும் அப்படியே போனது. மூன்றாவது வாளிக்குப் பிறகு ஜோதிகா கவனித்தாள், நாற்றம் இல்லை. நல்லதுதானே என்று நினைத்த மனசு உடனே பதறியது. நாற்றம் போகவில்லை, மூக்குதான் செத்துப்போயிருக்கிறது. சேற்றைக் கிளறினால் அடியில் அடைந்து கிடந்த காஸ் கிளம்பும் என்று மீட்டர் வாங்கும்போது கடைக்காரன் சொன்னது ஞாபகம் வந்தது.

"மாமா, குரல் குடுங்க."

"ஓய்!"

"ஓய்!" உடனே வந்தது. தெளிவாக, கொஞ்சம் கனமாக, லோகு சளி பிடித்தால் பேசுவது மாதிரி.

"அதான் சொல்றானே" என்றார் உமாபதி.

கதிர்வேலு ஒன்பதை அழுத்தினார். கயிற்றை இரண்டு தரம் இழு, என்றது போன். இழுத்தார். எல்லாரும் கயிற்றையே பார்த்தார்கள். அது தொங்கியது. அவ்வளவுதான்.

"ஓய்!" என்றார் மறுபடி.

"ஓய்!"

மறுபடி இழுத்தார். கயிறு தொங்கியது.

"கை வேலையா இருப்பான்யா, குரல் வருதுல்ல" என்றார் உமாபதி. "பாதியில தூக்கினா மறுபடி எறக்கணும்..."

கதிர்வேலு ஜோதிகாவைப் பார்த்தார். குரல் ஆம் என்கிறது. கயிறு இல்லை என்கிறது. அந்தக் குரல் தம்பியுடையதாக இருக்க வேண்டும் என்று அவள் உடம்பு முழுக்க ஆசைப்பட்டது. நேற்று உமாபதி சொன்னபடி எழுதியிருந்தால் இப்போது பதில் குரல் வருகிறதா, ஆம், வேலை முடிந்ததா, இல்லை, திரும்பு, குரல் கொடு, ஆம், இல்லை, திரும்பு என்று சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

"பன்னெண்டு" என்றாள். "பன்னெண்டு மாமா!"

அவர் அழுத்துவதற்குள் தினேஷ் கப்பியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். கயிறு இறுகியது. கனம் ஏறியது. பக்கத்தில் நின்ற ஒரு கூலிக்காரன் சட்டையைக் கழற்றிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கக் காலெடுத்தான். ஜோதிகா அவன் லுங்கியைப் பிடித்து இழுத்தாள். வேறு யாரும் உள்ளே இறங்கக் கூடாது, என்றது போன், அதே குரலில்.

லோகு மேலே வந்தான். தலை மார்பில் தொங்கியது. உதடு நீலம். தரையில் கிடத்தினார்கள். கதிர்வேலு நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, "கீது, துடிக்குது" என்று கத்தினார். ஜோதிகா 108-க்குப் போன் போட்டாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் ஒருமுறை இருமினான். அவள் சேற்று வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கண்ணைத் திறந்தான். கதிர்வேலு கட்டில் ஓரத்தில் நின்றார்.

"ரெண்டு தரம்தான் ஓய்னேன்" என்றான், மூச்சு வாங்க. "மூணாவது தரம் தலை சுத்திச்சி. அப்பதான் நீங்க ஏன் மாமா பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க? லோகு, லோகுன்னு. இந்தாண்ட வா, இந்தாண்ட வான்னு. நான் அந்தப் பக்கம் போனேன்."

"எந்தப் பக்கம்?" என்றாள் ஜோதிகா.

"குழாய்ப் பக்கம்."

எதிரொலி என்றால் ஓய் என்றதற்கு ஓய் என்று வரும். காலையில் தொட்டி வாயில் அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றாள். காஸ் ஏறிய மூளை எதையாவது கேட்கும் என்று டாக்டர் சொன்னார். சரியாகத்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஜோதிகா ஃபைலைத் திறந்தாள். உமாபதி ஊருக்குப் போயிருந்தார், முதலாளி போன் எடுக்கவில்லை. யாரிடமும் கேட்காமல் ஏழையும் எட்டையும் அடித்து நீக்கினாள். நம்ப முடியாத பதில் வரும் கேள்வி, கேள்வியே இல்லை. இனி குரல் கிடையாது; கயிறு மட்டும்தான். ஒன்பது இப்போது ஏழாகி, 'இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம்' என்பது அதன் தலையில் ஏறியது. பத்து எட்டாயிற்று. பதினொன்று ஒன்பது, பன்னிரண்டு பத்து, பதிமூன்று பதினொன்று. எண்ணை மாற்றினால் போதாது, 'போ' என்று சொன்ன இடமெல்லாம் மாற்ற வேண்டும். ஒரு 'போ' பழைய எண்ணிலேயே நின்றுவிட்டால் அது ஆளை இல்லாத கட்டத்துக்கு அனுப்பும். ஆறுக்குப் பிறகு வந்தவற்றில் 'இல்லை என்றால் 7-க்குத் திரும்பு' என்பதை மட்டும் தொடவில்லை. அது தானாகவே சரியாக இருந்தது. மூன்று தரம் நடந்து பார்த்துவிட்டுக் கதிர்வேலுவின் போனுக்கு அனுப்பினாள்.

அவர் ஆபீஸ் வாசலில் நின்று ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டார். கடைசி வரை கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அப்ப நாங்க கூப்பிடவே வேணாமா?"

"கூப்பிடாதீங்க மாமா. கயிறு மட்டும்."

"சரி." போகாமல் நின்றார். "அதுவா கூப்பிட்டா?"

ஜோதிகா திரையைப் பார்த்தாள். பதினொன்றுக்குக் கீழே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு ஆம் என்றால் எங்கே போவது, இல்லை என்றால் எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மூடியைப் பூட்டிட்டு வந்துடுங்க மாமா" என்றாள். "இனிமே எங்க வீட்ல யாரும் அதுல இறங்க மாட்டாங்க."

"வேற வீட்ல இறங்குவாங்களேம்மா" என்றார் கதிர்வேலு.

அவர் போன பிறகு அவள் ஃபைலுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தாள்.